நல்லெண்ணெயும் நாலு பக்க அறிக்கையும்

எங்கள் ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படங்களுக்கு அடுத்தபடியாக அதிகம் வருவது மரச்செக்கு எண்ணெய் விளம்பரம்தான். அதற்கடுத்து மாப்பிள்ளைச் சம்பா அரிசி. அதற்கும் அடுத்து மஞ்சள் தூள். எல்லாம் சிறு உற்பத்தியாளர்கள் நேரடியாக அனுப்புவது. போனில் பணம் போட்டால் மூன்றாம் நாள் கூரியர் பையன் வாசலில் நிற்பான். கடைத்தெரு வரை நடக்க முழங்கால் இடம் கொடுக்காத எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய உபகாரம், மறுக்க முடியாது.

இப்போது ஒவ்வொரு விளம்பரத்தோடும் ஒரு பி.டி.எஃப். சேர்ந்து வருகிறது. அதுதான் லேப் ரிப்போர்ட். மூன்று பக்கம், நாலு பக்கம், கீழே வட்ட முத்திரை. நண்பர்கள் அதை எனக்கு அனுப்பி, "நீ ஆயுசு முழுக்க ஃபைல் பார்த்தவன்தானே, இதைப் படித்துச் சொல். வாங்கலாமா, வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். பலருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் படித்தது காரைக்காலில், பிரெஞ்சு வழியில். 1962-ல் பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த பிறகும் அந்த வகுப்புகள் நடந்துகொண்டுதான் இருந்தன. பிரெஞ்சில் "கோன்ஸ்தா" என்று ஒரு சொல் உண்டு. ஓர் அதிகாரி ஓரிடத்துக்குப் போய், கண்ணால் கண்டதை மட்டும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கும் பத்திரம். "இந்தத் தேதியில், இந்த மணிக்கு, இந்தச் சுவரில் இவ்வளவு நீளம் விரிசல் கண்டேன்" என்று இருக்கும். யார் மேல் தப்பு, சுவர் நல்ல சுவரா என்றெல்லாம் அதில் இருக்காது. ஆய்வக அறிக்கையும் அந்த ஜாதிதான். என் கையில் கொடுத்த மாதிரியில், என்னைக் கேட்ட சோதனைகளைச் செய்தேன், இந்த எண்கள் வந்தன. அவ்வளவுதான் அது சொல்லும். நாமோ அதை நற்சான்றிதழாகப் படிக்கிறோம்.

இது எனக்கு நன்றாக உறைத்தது ஒரு பையன் விஷயத்தில். என் பழைய சிநேகிதரின் மகன். சென்னையில் வேலையை விட்டுவிட்டு வந்து, குடவாசல் பக்கத்தில் சொந்த ஊரில் மரச்செக்கு போட்டிருக்கிறான். வாகை மர உலக்கை, கல் உரல், மாட்டுக்குப் பதில் மோட்டார். எள்ளை வெயிலில் காயவைத்து, கருப்பட்டி போட்டு ஆட்டுகிறான். ஊர்க்காரர்களைத் தவிர, சென்னை, பெங்களூர் என்று போன் மூலம் நூறு வீடுகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். இந்த வருஷத் தொடக்கத்தில் அதில் முப்பது வீடு நின்றுவிட்டது. காரணம், வேறொரு விற்பனையாளர் (பெயர் வேண்டாம்) லிட்டர் 249 ரூபாய்க்கு "நூறு சதவீதம் தூய மரச்செக்கு நல்லெண்ணெய்" என்று, நாலு பக்க அறிக்கையோடு விற்க ஆரம்பித்ததுதான். இவன் விலை 440. அறிக்கையும் கிடையாது.

"பெரியப்பா, அவங்க ரிப்போர்ட்டைப் பாருங்க. நானும் ஒண்ணு எடுக்கணுமா? எடுத்தா என்ன டெஸ்ட்டுன்னு கேக்கணும்?" என்று வந்து உட்கார்ந்தான்.

நான் முதலில் விலையைத்தான் பார்த்தேன். அதற்கு ஆய்வகமே வேண்டாம். ஒரு லிட்டர் நல்லெண்ணெய் சுமார் 920 கிராம் எடை. மரச்செக்கில் நூறு கிலோ எள்ளுக்கு நாற்பது கிலோ எண்ணெய் கண்டால் நல்ல கணக்கு. அப்படியென்றால் ஒரு லிட்டருக்கு 2.3 கிலோ எள் வேண்டும். அன்றைக்கு அவன் எள் வாங்கிய விலை கிலோ 170. எள்ளுக்கே 391 ரூபாய் ஆகிவிட்டது. மிஞ்சும் பிண்ணாக்கு 1.3 கிலோவை 40 ரூபாய்க்கு விற்றால் 52 ரூபாய் திரும்பும். மீதி 339. கருப்பட்டி, கூலி, மின்சாரம், பாட்டில் எல்லாம் சேர்த்து ஓர் 80 வைத்தால் 419. இதன் மேல்தான் அவன் லாபம். மொத்தமாக எள் வாங்குகிறவருக்குப் பத்து இருபது குறையலாம். 249-க்கு லிட்டர் கொடுக்கிறவர் எள்ளை என்ன விலைக்கு வாங்கியிருப்பார் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கிலோ நூறு ரூபாய்க்கும் கீழே இறங்கிவிடும். எனக்குத் தெரிந்து எங்கள் பக்கம் அந்த விலைக்கு யாரும் அன்று எள் கொடுக்கவில்லை.

பிறகு அந்த நாலு பக்க அறிக்கை. ஆய்வகம் உண்மையான ஆய்வகம்தான். முத்திரையும் சரி. அதில் பொய்யான ஒரு வரிகூட இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. முதல் பக்கத்தில் ஊட்டச்சத்து அட்டவணை: 100 கிராமில் கொழுப்பு 100 கிராம், ஆற்றல் 900 கலோரி, புரதம் இல்லை, மாவுச்சத்து இல்லை. பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் பாமாயிலுக்கும் இதே எண்கள்தான் வரும், தேங்காயெண்ணெய்க்கும் இதேதான். எண்ணெய் என்பது கொழுப்பு என்று மட்டும் நமக்குத் தெரிகிறது. இரண்டாம் பக்கத்தில் ஈரப்பதம், பெராக்சைடு மதிப்பு. இவை எண்ணெய் சிக்குப் பிடித்திருக்கிறதா என்று காட்டும். கலப்படத்தைப் பற்றி வாயே திறக்காது. மூன்றாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு வரி: "பவுடோயின் சோதனை: பாசிட்டிவ்". விளம்பரத்தில் இதைத்தான் வட்டம் போட்டு, "எள் எண்ணெய் என நிரூபணம்" என்று எழுதியிருந்தார்கள்.

இந்தப் பெயரை எங்கள் பிரெஞ்சு வாத்தியார் கேட்டிருந்தால் "போதுவேன்" என்று திருத்தியிருப்பார். சோதனை எளிமையானது. எண்ணெயில் செறிவான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் ஃபர்ஃபுரல் என்ற திரவம் சில துளியையும் விட்டுக் குலுக்கினால், நல்லெண்ணெய் இருந்தால் அமிலப் பகுதி சிவக்கும். நல்லெண்ணெய்க்கே உரிய ஒரு பொருளால் வருகிற நிறம் அது. மற்ற சமையல் எண்ணெய்கள் சிவப்பதில்லை.

இங்கே ஒரு பழைய சங்கதி. நம் வயதுக்காரர்களுக்கு டால்டா நினைவிருக்கும். வனஸ்பதியை நெய்யில் கலந்து விற்பதைக் கண்டுபிடிக்க அரசாங்கம் ஒரு தந்திரம் செய்தது. எல்லா வனஸ்பதியிலும் ஐந்து சதவீதம் நல்லெண்ணெய் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று விதி வைத்தது. நெய்யில் வனஸ்பதி கலந்திருந்தால் அதற்குள் ஒளிந்திருக்கும் அந்தக் கொஞ்சம் நல்லெண்ணெய் இந்தச் சோதனையில் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். யோசித்துப் பாருங்கள். வனஸ்பதியில் ஐந்து சதவீதம், அந்த வனஸ்பதி நெய்யில் ஒரு பங்கு. அதையே கண்டுபிடிக்கும் அளவுக்கு நுட்பமான சோதனை இது. அப்படியானால் ஒரு பாட்டிலில் பத்தில் ஒரு பங்கு நல்லெண்ணெய் இருந்தாலும் "பாசிட்டிவ்" என்றுதான் வரும். உள்ளே நல்லெண்ணெய் இருக்கிறது என்று சொல்லும். வேறெதுவும் இல்லை என்று சொல்லாது. அந்த அறிக்கை முழுக்க உண்மை, விளம்பரத்தில் வட்டம் போட்டவர் சொன்னது மட்டும் அதில் இல்லை.

வேறு எண்ணெய் கலந்திருக்கிறதா என்று அறிய எதைக் கேட்க வேண்டும்? நம் நாட்டு உணவுத் தர விதிகளில் நல்லெண்ணெய்க்குச் சில எல்லைகள் வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் சொல்லி உங்களைக் குழப்பவில்லை. இரண்டை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, அயோடின் மதிப்பு. எண்ணெய் எவ்வளவு அயோடினை உறிஞ்சுகிறது என்ற அளவு. நல்லெண்ணெய்க்கு 103 முதல் 120 வரை இருக்க வேண்டும். பாமாயிலுக்கு ஐம்பதைச் சுற்றித்தான் வரும். சூரியகாந்திக்கு 130 வாக்கில். ஆகவே பாமாயிலைக் கலந்தால் எண் இறங்கும்.

இன்னொன்று, பெல்லியர் சோதனை. இதுவும் பிரெஞ்சுப் பெயர்தான். எண்ணெயைச் சோப்பாக்கி, அமிலம் சேர்த்து, மெல்லக் குளிரவைத்து, எந்த வெப்பநிலையில் கலங்குகிறது என்று பார்ப்பார்கள். நல்லெண்ணெய் 22 டிகிரிக்கு மேல் கலங்கக் கூடாது. கடலை எண்ணெய் நாற்பது டிகிரி வாக்கிலேயே கலங்கிவிடும். கடலையெண்ணெயைக் கலந்தால் இது காட்டிக்கொடுக்கும்.

அந்த நாலு பக்க அறிக்கையில் இந்த இரண்டும் இல்லை. ஆய்வகம் மறைக்கவில்லை. விற்பவர் கேட்கவில்லை, அவர்கள் செய்யவில்லை.

இவையும் முழுக் காவல் இல்லை என்பதைப் பையனுக்குக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். அயோடின் மதிப்பு 110 உள்ள நல்ல எண்ணெய் தொண்ணூறு பங்கு, 52 உள்ள பாமாயில் பத்துப் பங்கு. கலவையின் மதிப்பு ஏறக்குறைய 104. எல்லைக்கு உள்ளேதான் நிற்கிறது! கொஞ்சம் சூரியகாந்தியும் சேர்த்துவிட்டால் இறங்கியது மேலேயும் ஏறிவிடும். கணக்குத் தெரிந்த கலப்படக்காரர் இந்த ஒரு எண்ணை வைத்துப் பிடிபட மாட்டார்.

அதனால்தான் கொழுப்பு அமிலப் பட்டியல் என்று ஒரு சோதனை இருக்கிறது. எண்ணெயைப் பிரித்து எந்தெந்தக் கொழுப்பு அமிலம் எத்தனை சதவீதம் என்று இயந்திரம் வரிசையாகச் சொல்லும். நல்லெண்ணெயில் பால்மிட்டிக் அமிலம் சுமார் 8 முதல் 12 சதவீதம். பாமாயிலில் நாற்பதைத் தாண்டும். மேலே சொன்ன அதே கலவையை எடுத்துக்கொள்வோம். 9.5 இருந்த நல்லெண்ணெயில் 44 உள்ள பாமாயிலைப் பத்துப் பங்கு விட்டால் 13-க்குப் போய்விடும். அயோடின் தப்பவிட்டதை இது பிடிக்கும். ஒரே ஒரு சோதனைக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் இதைக் கேள் என்றேன்.

"அதுல மரச்செக்குன்னு வருமா, பெரியப்பா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. வராது. எந்த உலக்கை சுற்றியது, இரும்பா வாகையா, சூடு ஏறியதா என்பதை இந்தச் சோதனைகள் எதுவும் நேராகச் சொல்லாது. ஒரு பக்கவழிதான் உண்டு. அமில மதிப்பு. சுத்திகரித்த எண்ணெயில் அது 0.5-க்கு மேல் போகக் கூடாது என்பது விதி. சுத்திகரிக்காமல் ஆட்டிய எண்ணெயில் சாதாரணமாக ஒன்று, இரண்டு என்று இருக்கும். நல்லெண்ணெய்க்கு 6 வரை அனுமதி. செக்கு எண்ணெய் என்று சொல்லிவிட்டு அறிக்கையில் அமில மதிப்பு 0.2 என்று இருந்தால், அது செக்கிலிருந்து நேரே வந்ததா என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. இதை எல்லோரும் தலைகீழாகப் படிக்கிறார்கள், எண் குறைந்தால் தூய்மை கூடியது என்று.

சரி, சோதனைக்குக் கொடுத்தோம். தஞ்சாவூரில் புதுக்கோட்டைச் சாலையில் இருக்கும் உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அது 1967-ல் நம் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஒரு சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கியது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அங்கும் சோதனைக்கூடம் உண்டு, தனியாரிடமும் உண்டு. நாங்கள் அங்கீகாரம் பெற்ற ஒரு தனியார் ஆய்வகத்தைப் பிடித்தோம். கொழுப்பு அமிலப் பட்டியல், அயோடின், பெல்லியர், அமில மதிப்பு, எல்லாம் சேர்த்து வரியோடு நாலாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

சிறு உற்பத்தியாளருக்கு அந்த நாலாயிரம் சின்னத் தொகை இல்லை. ஒரு ஈட்டுக்கு இருபது கிலோ எள் போட்டால் எட்டு கிலோ எண்ணெய். ஒவ்வொரு ஈட்டையும் சோதிப்பது நடக்கிற காரியம் இல்லை. நூறு லிட்டர் டிரம் ஒன்றுக்கு ஒரு சோதனை என்றாலும் லிட்டருக்கு நாற்பது ரூபாய் ஏறும். அவன் லாபமே ஏறக்குறைய அதில் பாதிதான். கடைசியில் ஒரே இடத்தில் வாங்கிய எள் ஒரு டன், அதிலிருந்து வரும் நானூறு லிட்டருக்கு மேலான எண்ணெய்க்கு ஒரு முழுச் சோதனை என்று வைத்துக்கொண்டான். லிட்டருக்குப் பத்து ரூபாய்க்குள் அடங்கியது. எள் மூட்டை மாறினால் மறுபடி சோதனை. "அறிக்கை இல்லாதவன் கலப்படக்காரன்" என்று பேசுகிற நண்பர்கள் இந்தக் கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மாதிரி எடுக்கும்போது எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். தெளிந்த டிரம்மிலிருந்து ஒரே சமயத்தில் மூன்று பாட்டில். மூன்றிலும் டிரம் எண், ஆட்டிய தேதி, அரக்கு முத்திரை. ஒன்று ஆய்வகத்துக்கு. ஒன்று அவன் அலமாரியில். ஒன்று பெங்களூரில் நிறுத்திக்கொண்ட வாடிக்கையாளர் ஒருவருக்கு, "சந்தேகம் இருந்தால் நீங்களே கொடுத்துப் பாருங்கள்" என்ற கடிதத்தோடு. ஆய்வகத்துக்கு எழுதிய விண்ணப்பத்தில் அந்த டிரம் எண்ணையும் தேதியையும் அறிக்கையில் குறிப்பிடும்படி கேட்டுக்கொண்டேன். கேட்காவிட்டால் "மாதிரி: எண்ணெய்" என்று மட்டும் போட்டுவிடுவார்கள்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான அறிக்கைகள் ஓட்டையாக இருக்கின்றன. எந்த அறிக்கையை எடுத்தாலும் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: முடிவுகள் பெறப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும். மேலே ஓரிடத்தில், மாதிரியை யார் எடுத்தது என்றும் இருக்கும். அநேகமாக "வாடிக்கையாளர் கொடுத்தது" என்றுதான் இருக்கும். அங்கே வாடிக்கையாளர் என்றால் நீங்களும் நானும் இல்லை, விற்பவர். அவர் நல்ல எண்ணெயை அனுப்பினால் நல்ல எண் வரும். அந்த 249 ரூபாய் அறிக்கையின் தேதி இரண்டு வருஷம் முந்தியது. டிரம் எண்ணும் இல்லை, ஆட்டிய தேதியும் இல்லை. நான் வேலை பார்த்த அலுவலகத்தில் இப்படி ஒரு ரசீதை இணைத்து ஃபைல் வந்திருந்தால் மேசையைத் தாண்டியிருக்காது.

அங்கீகாரத்தைச் சரிபார்ப்பதும் ஒன்றும் கஷ்டம் இல்லை. என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் அறிக்கையில் ULR என்று தொடங்கும் நீளமான எண் இருக்கும். ஆய்வகத்தின் சான்று எண்ணும் அறிக்கையின் ஆண்டும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கும். என்.ஏ.பி.எல். இணையதளத்தில் ஆய்வகத்தின் பெயரைப் போட்டால் எந்தெந்தப் பொருளுக்கு எந்தெந்தச் சோதனைக்கு அங்கீகாரம் என்ற பட்டியல் கிடைக்கும். தண்ணீர்ச் சோதனைக்கு அங்கீகாரம் வாங்கிய இடம் எண்ணெயையும் சோதித்துத் தரலாம். ஆனால் அந்த வரிக்கு முத்திரை பொருந்தாது. பாட்டிலின் மேல் உள்ள பதினான்கு இலக்க உரிம எண்ணையும் பலர் தூய்மைச் சான்று என்று நினைக்கிறார்கள். அது கடை நடத்த அனுமதி, அவ்வளவே.

பையனின் முடிவுகள் வந்தன. பால்மிட்டிக் 9.6, அயோடின் 109, அமில மதிப்பு 1.8, பெல்லியரும் எல்லைக்குள். முழு அறிக்கையையும், பொடி எழுத்தையும் வெட்டாமல், டிரம் எண்ணோடு அனுப்பினான். நின்றுபோன முப்பதில் பதினொன்று திரும்பியது. மற்றவர்கள் 249-லேயே இருக்கிறார்கள். ஒருவர், "உன் ரிப்போர்ட் ஒரு பக்கம்தானே, அவர்களுடையது நாலு பக்கம்" என்று பதில் போட்டாராம்! அவன் அதை என்னிடம் சொல்லிச் சிரித்தான். சிரித்தாலும், அடுத்த டன் எள்ளுக்குக் கூட்டுறவு வங்கியில் நகை வைத்திருக்கிறான் என்பது எனக்குத் தெரியும்.

மஞ்சளுக்கு வருகிறேன். அங்கே கேள்வியே வேறு. விளம்பரங்கள் குர்குமின் 3 சதவீதம், 5 சதவீதம் என்று எண்ணைக் காட்டுகின்றன. பயப்பட வேண்டியது ஈயத்துக்கு. மஞ்சள் பளிச்சென்று தெரிய ஈயக் குரோமேட் என்ற மஞ்சள் சாயத்தைப் பூசுகிற பழக்கம் தெற்காசியாவில் பல இடங்களில் கண்டுபிடிக்கப்பட்டது. வங்கதேசத்தில் 2019-ல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் தெரிந்தது. அரசாங்கம் சந்தைகளில் சோதனை நடத்தி அபராதம் போட்டு, மக்களுக்கும் எடுத்துச் சொன்ன பிறகு 2021-ல் அது பூஜ்யத்துக்கு வந்தது. ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுப்பது. சூடு செய்தால் போகாது, மணத்திலும் தெரியாது. குர்குமின் எண் நன்றாக இருக்கும் தூளிலும் ஈயம் இருக்கலாம். ஆகவே பேரன் பேத்திகள் உள்ள வீட்டில், அறிக்கையில் "ஈயம்" என்ற வரி இருக்கிறதா என்று மட்டும் தேடுங்கள்.

அந்த வரியில் "கண்டறியப்படவில்லை" என்று இருந்தால், பக்கத்தில் எந்த அளவு வரை கண்டறிய முடியும் என்ற எண்ணையும் பாருங்கள். நம் விதியில் மஞ்சளுக்கு எல்லை கிலோவுக்கு 10 மில்லிகிராம். கண்டறியும் எல்லை 0.1 என்று போட்டு "இல்லை" என்றால் அது பெரிய செய்தி. எண்ணே போடாமல் "இல்லை" என்றால், கண்ணாடி போடாமல் செய்தித்தாளைப் பார்த்துவிட்டு எழுத்தே இல்லை என்று நான் சொல்வது மாதிரி. இதற்கும் மேலே ஒரு வழி இருக்கிறது. சாயம் ஏறுவது பெரும்பாலும் மெருகு போடும்போதுதான். மெருகு போடாத, தோல் சுருங்கிய, மங்கலான விரலி மஞ்சளை வாங்கி நீங்களே அரைத்துக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

அரிசிக்கு ஒரு சோதனையும் சொல்ல மாட்டேன், ஏனென்றால் கேட்கிற கேள்விக்கு வழக்கமான அறிக்கையில் பதிலே கிடையாது. "இது அசல் மாப்பிள்ளைச் சம்பாதானா?" என்பதுதானே கேள்வி? அறிக்கை ஈரப்பதம் சொல்லும், புரதம், நார்ச்சத்து சொல்லும், பூச்சிமருந்து மிச்சம் சொல்லும். சிவப்பரிசி எதுவானாலும் அந்த எண்கள் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கும். ரகத்தைப் பிரிக்க மரபணுச் சோதனை வேண்டும். பாசுமதிக்கு அதைச் செய்கிறார்கள், ஐந்து கிலோ பைக்கு யார் செய்வார்கள்? "சர்க்கரை ஏற்றாது" என்பதற்கும் இதே கதை. அந்தக் குறியீட்டை அளக்க, ஆட்களுக்குச் சோறு போட்டு இரண்டு மணி நேரம் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். மாவுச்சத்து 76 சதவீதம் என்ற வரியிலிருந்து அது வராது.

அரிசியில் நான் நம்புவது விளைவித்தவரைத்தான். நம் மாவட்டத்துக்கு அந்தப் பாக்கியம் இருக்கிறது. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தினார். வருகிற விவசாயிக்கு இரண்டு கிலோ பாரம்பரிய விதைநெல் கொடுத்து, அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பிக் கேட்பார். அவர் 2018-ல் காலமாகிவிட்டார். அப்படிக் கைமாறிய விதையை யாரிடம் வாங்கினோம், எந்த வயலில் போட்டோம், எப்போது அறுத்தோம் என்று சொல்லத் தெரிந்தவர்கள் இந்தப் பக்கத்தில் நிறைய இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள். உண்மையாக விளைவித்தவர் அரை மணி நேரம் பேசுவார், போனை வைக்கவே விட மாட்டார். வாங்கி விற்பவர் "எல்லாம் ஆர்கானிக் சார்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

கடைசியாகச் சட்டத்தில் உள்ள ஒரு வசதி. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவின்படி, வாங்குகிறவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பொருளைச் சோதிக்கக் கொடுக்கலாம். அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் தஞ்சாவூரிலேயே இருக்கிறது. பொருள் சட்டத்துக்கு மாறாக இருந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஒரே நிபந்தனை, வாங்கும்போதே "சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன்" என்று விற்பவரிடம் தெரிவித்திருக்க வேண்டும். கடையில் நின்று இதைச் சொல்லச் சங்கடமாக இருக்கும். போனில் வாங்கும்போது சங்கடம் என்ன? பணம் போடுவதற்கு முன் ஒரு வரி தட்டி அனுப்பிவிடலாம்.

நான் இப்போது புதிதாக யாரிடம் வாங்கினாலும் அனுப்புவது இதுதான், வேண்டுமானால் நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்: "ஐயா, எனக்கு அனுப்பப்போகும் பாட்டில் எந்த டிரம், எப்போது ஆட்டியது? அந்த டிரம்மின் அறிக்கையை முழுதாக அனுப்ப முடியுமா? இந்தப் பாட்டிலை நான் சோதனைக்குக் கொடுக்கக்கூடும் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்." இதுவரை ஏழு பேருக்கு அனுப்பியிருக்கிறேன். மூன்று பேர் பதில் போட்டார்கள். அந்த மூவரில் ஒருவர், "அறிக்கை எடுக்க எனக்குக் கட்டவில்லை ஐயா, ஊருக்கு வந்து செக்கைப் பாருங்கள்" என்று எழுதினார். அவரிடம் இரண்டு லிட்டர் சொல்லியிருக்கிறேன்.